"நாளையிலிருந்து வர வேண்டாம்"

சின்னக் கடை, பெரிய பொறுப்பு – 11

சிறிய கடைகளில் வேலைநீக்கம் பெரும்பாலும் ஒரு சனிக்கிழமை ராத்திரி நடக்கிறது. கல்லாவை எண்ணி முடித்த முதலாளிக்கு அன்றைக்குத் திரும்பி வந்த சரக்கு நினைவுக்கு வருகிறது. ஆறு மாதமாக மனதுக்குள் அடக்கிவைத்திருந்த எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வருகிறது. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்பது கடைசி வாக்கியம். சில கடைகளில் அதுகூட நேரில் சொல்லப்படுவதில்லை, வாட்ஸ்அப்பில் வருகிறது.

திங்கட்கிழமை அந்தப் பணியாளர் தன் மாமாவை அழைத்துக்கொண்டு வருகிறார். சம்பளப் பாக்கி, முன்பணக் கணக்கு, போனஸ் என்று பேச்சு வளர்கிறது. நான்கு கடை தள்ளி இருப்பவர்கள்கூட வந்து எட்டிப் பார்க்கிறார்கள். ஒரு மாதம் கழித்துத் தொழிலாளர் துறையிலிருந்து கடிதம் வரும்போது, முதலாளியிடம் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பணியாளரிடம் அந்த வாட்ஸ்அப் செய்தி இருக்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல், காரணம் சொல்லாமல் நீக்கப்பட்டதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இந்தக் கசப்பில் பெரும்பகுதி வேலைநீக்கத்தால் வருவதில்லை. அதற்கு முந்தைய ஆறு மாத மௌனத்தால் வருகிறது. தன் வேலை போதவில்லை என்பதே அந்தப் பணியாளருக்கு அந்தச் சனிக்கிழமைதான் தெரியவருகிறது. அவர் கோபப்படுவது வேலை போனதற்காக மட்டுமல்ல, இத்தனை நாள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் தன்னைப் பற்றி இப்படி நினைத்திருக்கிறார் என்பதற்காகவும்தான்.

வேறு விதமாக அதைச் செய்ய முடியும். எப்படி என்று பார்க்க ஒரு கடையைக் கண்முன் நிறுத்திக்கொள்வது உதவும்.

திருநெல்வேலியில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். சிவகாசி அட்டைகளை வாங்கி வைத்து, வாசகத்தைக் கணினியில் அடித்து, அச்சிட்டுக் கொடுக்கும் கடை. முதலாளியைச் சேர்த்தால் ஆறு பேர், சம்பளத்துக்கு ஐந்து பேர். அவர்களில் ஒருவர் டிடிபி ஆபரேட்டர். சேர்ந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது, மாதச் சம்பளம் 18,000 ரூபாய். நல்ல மனிதர், நேரத்துக்கு வருகிறவர், யாரிடமும் சத்தமாகப் பேசாதவர். ஆனால் அவர் அடிக்கும் பத்திரிகைகளில் தப்பு வருகிறது.

பத்திரிகையில் தப்பு என்றால் அது சின்ன விஷயம் இல்லை. முகூர்த்த நேரம் 9.00 – 10.30 என்பதற்குப் பதிலாக 7.30 – 9.00 என்று அச்சாகிவிட்டால் முந்நூறு அட்டையும் குப்பைக்குப் போகும். அட்டை 15 ரூபாய் என்றால் 4,500 ரூபாய். அதைவிட, பெண்ணின் தகப்பனார் கடை வாசலில் நின்று பேசும் பேச்சு தெருவெல்லாம் கேட்கும்.

வைகாசி, ஆனி இரண்டு மாதமும் இப்படியே ஓடின. முதலாளி எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகச் சில காரியங்கள் செய்தார். முக்கியமான ஆர்டர்களைத் தானே ராத்திரி உட்கார்ந்து அடித்தார். கவுன்ட்டரில் இருக்கும் பெண்ணிடம், "நீயும் ஒரு தடவை பார்த்துரும்மா" என்றார். ஆபரேட்டரிடம் பேசுவதைக் குறைத்தார். "தானா புரிஞ்சுக்கிடுவான், இல்லைன்னா தானா போயிருவான்" என்று வீட்டில் சொன்னார்.

கடையில் விஷயம் கைமீறிப் போகிறது என்பதற்கு இவைதான் அடையாளம். ஒருவரின் வேலையை மற்றவர்கள் மறைமுகமாகத் திரும்பச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள் என்றால், பேச வேண்டிய நாள் ஏற்கனவே தாண்டிவிட்டது. கவுன்ட்டர் பெண்ணுக்கு இரட்டை வேலை. ஆபரேட்டருக்கோ தன்மேல் என்ன குறை என்று தெரியாத ஒரு பாரமான மௌனம். தானாகப் போகட்டும் என்று வேலை கொடுக்காமல் உட்காரவைப்பது, சம்பளத்தை இழுத்தடிப்பது எல்லாம் இதன் அடுத்த படிகள். ஒருவரை மரியாதையாக அனுப்ப மனமில்லாதவர்கள் செய்யும் மரியாதைக் குறைவு அது.

ஆடி பிறந்ததும் அந்த முதலாளி வேறு பாதைக்குத் திரும்பினார் என்று கதையை நகர்த்துவோம். ஆடியில் முகூர்த்தம் இல்லை, கடையில் கூட்டம் இல்லை. பேசுவதற்கு அதுவே சரியான காலம். பேசுவதற்கு முன் அவர் செய்த முதல் வேலை, இரண்டு மாத ஆர்டர் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்ததுதான்.

மொத்தம் 40 ஆர்டர். தப்பானவை 9. ஒவ்வொன்றும் எப்படித் தப்பானது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தார். அங்கேதான் அவருக்கு ஓர் அதிர்ச்சி. ஒன்பதில் ஐந்து, வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் சொல்லி வாங்கிய ஆர்டர்கள். "சுப்பையாவா, சுப்பய்யாவா" என்று கேட்டுத் தெளிவதற்குள் வேறு அழைப்பு வந்துவிடும். அந்த ஆர்டர்களை எழுதிக்கொண்டவர் பெரும்பாலும் முதலாளியேதான். மீதி நான்கில் வாசகம் கையெழுத்தில் தெளிவாக இருந்தது, அடித்ததில்தான் தப்பு. அதாவது பாதிக் குற்றம் கடையின் முறையில் இருந்தது. இதைப் பார்க்காமல் அவர் கத்தியிருந்தால், தன் தப்புக்கும் சேர்த்து அடுத்தவரைத் திட்டியிருப்பார். அந்த அநியாயம் ஆபரேட்டருக்கு உடனே தெரிந்திருக்கும்.

பேச்சு கடை திறப்பதற்கு முன், காலை எட்டரைக்கு, இருவர் மட்டும் இருக்கும்போது நடந்தது.

"தம்பி, ஒரு விஷயம் பேசணும். கோவமாப் பேசப் போறதில்ல. வைகாசியிலயும் ஆனியிலயும் நாப்பது ஆர்டர்ல ஒம்பது திரும்பி வந்திருக்கு. அதுல அஞ்சு நான் போன்ல எழுதி வாங்குனது, அது என் தப்பு. இந்த நாலும் நீங்க அடிச்சது. பாருங்க."

ஆபரேட்டர் நான்கு தாள்களையும் வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எனக்கு ஒண்ணுதான் தெரியும் அண்ணாச்சி. மத்த மூணையும் யாரும் சொல்லலியே."

"அதுவும் என் தப்புதான். சொல்லியிருக்கணும். ஏன் இப்படி ஆகுதுன்னு நீங்க சொல்லுங்க."

இந்தக் கடைசிக் கேள்விதான் அந்தப் பேச்சின் உயிர். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வீட்டில் நோயாளி இருக்கலாம், கண் பார்வை மங்கியிருக்கலாம், கடன்காரர் தொலைபேசியில் நெருக்கலாம். இவருக்கு இருந்தது தூக்கமின்மை. வீட்டுக் கடனுக்காக ராத்திரி பதினொரு மணி வரை உணவு டெலிவரிக்குப் போகிறார். காலையில் கண் எரிகிறது.

முதலாளியால் சம்பளத்தைக் கூட்ட முடியவில்லை. அதை அவர் மழுப்பாமல் சொன்னார். செய்ய முடிந்ததைச் செய்தார். இனி தொலைபேசியில் ஆர்டர் கிடையாது, வாடிக்கையாளர் கைப்பட எழுதித் தர வேண்டும் என்று முறையை மாற்றினார். பத்து மணிக்குப் பதில் பதினொரு மணிக்கு வரலாம், சாயங்காலம் ஒரு மணி நேரம் கூட இருந்தால் போதும் என்றார். ஆபரேட்டர் தரப்பில் ஒன்றே ஒன்று கேட்டார். புரூப் வாடிக்கையாளர் கைக்குப் போவதற்கு முன், நாள், நேரம், மண்டபம், பெயர், ஊர் ஆகிய ஐந்தையும் கையெழுத்துத் தாளோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் டிக் போட வேண்டும். ஆவணி மாதம் முழுக்க இந்த ஐந்தில் தப்போடு போகும் புரூப் இரண்டைத் தாண்டக் கூடாது. முதல் பத்து ஆர்டருக்கு முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்ப்பார்.

"இன்னும் நல்லா வேலை பார்க்கணும்" என்று சொல்வதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் கவனிக்க வேண்டும். முன்னதைக் கேட்டவருக்கு நாளைக் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. பின்னதைக் கேட்டவர் மாதக் கடைசியில் தான் தேறினோமா இல்லையா என்று தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். அன்று பேசியதை முதலாளி ஒரு நோட்டில் தேதியிட்டு எட்டு வரியில் எழுதி, அதை ஆபரேட்டருக்கும் காட்டினார்.

ஆவணியில் 24 ஆர்டர் வந்தது. முதல் பத்து நன்றாகப் போயின. முதலாளி பக்கத்திலிருந்து எழுந்த பிறகு வந்த பதினாலில், எட்டுப் புரூப் தப்போடு போனது.

இனி எழுத்தில் எச்சரிக்கை. நம் ஊரில் ‘மெமோ’ என்ற சொல்லைக் கேட்டாலே வேலை போய்விட்டது என்று அர்த்தம் செய்துகொள்கிறார்கள். அதனால் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் அதை வாயால் சொல்லிவிடுவது நல்லது. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. அது இப்படி இருக்கலாம்:

"ஆடி மாதம் நாம் பேசியபடி, ஆவணியில் தப்போடு போகும் புரூப் இரண்டைத் தாண்டக் கூடாது என்று முடிவானது. 24 ஆர்டரில் 8 புரூப் தப்போடு போயுள்ளன. அவற்றின் நகல் இத்துடன் உள்ளது. ஐப்பசி மாதம் முடியும் வரை மீண்டும் வாய்ப்பு தரப்படுகிறது. அப்போதும் இரண்டைத் தாண்டினால், உங்களை இந்த வேலையில் தொடரவைப்பது கடினம். இதற்கு என்ன உதவி வேண்டும் என்பதையோ, இதில் சொல்லியிருப்பது சரியில்லை என்று நினைத்தால் அதையோ ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தரலாம்."

இதில் திட்டு இல்லை, குணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ‘பொறுப்பில்லாதவர்’, ‘சோம்பேறி’, ‘அக்கறை இல்லை’ போன்ற சொற்கள் கடிதத்தில் வந்தால் பேச்சு உடனே அந்தச் சொல்லைப் பற்றியதாக மாறிவிடும். எட்டுப் புரூப் என்பதை யாரும் மறுக்க முடியாது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் கையெழுத்து கடிதம் கைக்கு வந்ததற்கு மட்டும்தான், அதில் உள்ளதை ஒப்புக்கொண்டதற்கு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையெழுத்துப் போட மறுத்தால் வற்புறுத்தத் தேவையில்லை. ஸ்பீட் போஸ்டில் வீட்டு முகவரிக்கு அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டால் போதும்.

இந்த இடத்தில்தான் பல முதலாளிகள் ஒரு குறுக்குவழியில் இறங்குகிறார்கள். திறமைக் குறைவு என்று சொன்னால் வலுவாக இருக்காது என்று நினைத்து, கூடவே ஒரு குற்றச்சாட்டைச் சேர்த்துவிடுகிறார்கள். கல்லாவில் 500 ரூபாய் குறைந்தது, போட்டிக் கடைக்குத் தகவல் சொன்னார் என்று ஏதாவது ஒன்று. கசப்பு பகையாக மாறுவது அந்த ஒரு வரியால்தான்.

சட்டமும் இந்த இரண்டையும் தனித்தனியாகவே பார்க்கிறது. 1979இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு இதற்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 1960இல் அசாமில் மொழிக் கலவரம் வெடித்தபோது நவ்காங் மாவட்டத்தின் துணை ஆணையராக இருந்த அதிகாரி, முன்யோசனையும் தலைமைப் பண்பும் உறுதியும் இல்லாமல் இருந்துவிட்டார் என்று நடவடிக்கைக்கு உள்ளானார். ஒரு பதவிக்கு வேண்டிய திறமை இல்லாமல் இருப்பது குறையாக இருக்கலாம், ஆனால் அது மட்டுமே ஒழுங்கீனம் ஆகிவிடாது என்று நீதிமன்றம் சொன்னது. ஒரு மாவட்டத்தையே நிர்வகித்தவருக்குப் பொருந்திய அந்த நியாயம், முகூர்த்த நேரத்தைத் தப்பாக அடித்தவருக்கும் பொருந்தும். தெரியாமல் செய்தவரைத் தெரிந்தே கெடுத்தவராக ஆக்கக் கூடாது.

உண்மையிலேயே திருட்டோ மோசடியோ நடந்திருந்தால் வழி வேறு. குற்றத்தை எழுத்தில் கொடுத்து, பதில் சொல்ல அவகாசம் தந்து, சாட்சியங்களை அவர் முன்னிலையில் விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும். சந்தேகத்தை வைத்து அனுப்பிவிட்டு, பிறகு ஊர் முழுக்கச் சொல்லித் திரிவது விசாரணை ஆகாது.

கடைகளுக்குப் பொருந்தும் நேரடிச் சட்டம், 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதன் 41ஆவது பிரிவு நீளமானது அல்ல, கடை வைத்திருப்பவர்கள் ஒருமுறையாவது படித்திருக்க வேண்டியது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும், இல்லையென்றால் அதற்கு ஈடாக ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். விசாரணை நடத்தி ஒழுங்கீனம் சாட்சியத்தோடு நிரூபிக்கப்பட்டால் மட்டுமே இந்த முன்னறிவிப்பு தேவையில்லை. நீக்கப்பட்டவர், ஆணை கைக்கு வந்த 30 நாட்களுக்குள் தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம்.

அந்த மேல்முறையீட்டில் என்ன நடக்கும்? குன்னூரில் தலைமையகம் கொண்ட தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கமான ‘உபாசி’ தொடர்பான வழக்கில், 1997இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. மேல்முறையீட்டு அதிகாரி நிறுவனம் தரும் காகிதங்களை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்ல வேண்டியதில்லை, தேவைப்பட்டால் தானே சாட்சியம் பதிவு செய்து முடிவுக்கு வரலாம் என்பது அதன் சாரம். அதாவது கடைக்குள் என்ன நடந்தது என்பது முழுவதும் அங்கே பேசப்படும். ஆர்டர் புத்தகமும், ஆடி மாத நோட்டும், கையெழுத்தான கடிதமும் அங்கே பேசும். ‘அவன் சரியில்லை சார்’ என்பது பேசாது.

ஆறு மாதம் என்ற அந்த எல்லையிலும் ஒரு பாடம் இருக்கிறது. புதிதாக ஒருவரைச் சேர்த்தால், மூன்றாம் மாதமும் ஐந்தாம் மாதமும் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். பொருந்தவில்லை என்றால் இரு தரப்புக்கும் இழப்பு குறைவாக இருக்கும்போதே பிரிந்துவிடலாம். மூன்று வருடம் பார்த்தும் பாராமல் இருந்துவிட்டு நான்காம் வருடம் குறை சொன்னால், "இத்தனை நாள் எப்படி வைத்திருந்தீர்கள்?" என்ற கேள்வி வரும். அது நியாயமான கேள்வியும்கூட.

ஐப்பசியில் 20 ஆர்டர், தப்பான புரூப் 6. முன்னேற்றம் இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் போதாது. ஆபரேட்டருக்கே அது தெரிந்திருந்தது, ஏனென்றால் டிக் போட்ட தாள்களை அவரே வாரக் கடைசியில் எண்ணிக்கொண்டிருந்தார்.

இப்போது முதலாளி தன் கணக்கைப் போட வேண்டும். சின்னக் கடைக்காரர்கள் பலர் ஒரு மாதச் சம்பளத்தோடு முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி அல்ல. பாரத ஸ்டேட் வங்கியில் ஒன்பது நாள் வேலைக்கு அமர்த்தப்பட்ட ஓர் ஊழியர் தொடர்பான வழக்கில், 1976இல் நீதிபதி கிருஷ்ண அய்யர் ஒரு முக்கியமான விளக்கத்தைத் தந்தார். தண்டனையாக இல்லாமல் வேறு எந்தக் காரணத்துக்காக ஒருவரின் வேலை முடித்துவைக்கப்பட்டாலும் அது சட்டத்தின் பார்வையில் ஆட்குறைப்புதான் என்பது அந்த விளக்கம். 1990இல் அரசியல் சாசன அமர்வும் இந்தப் பரந்த பொருளையே உறுதி செய்தது. ஆகவே வேலை போதவில்லை என்று அனுப்பும்போதும், ஓராண்டு தொடர்ந்து பணி செய்த தொழிலாளிக்கு மூன்று கடமைகள் பாக்கி இருக்கின்றன. ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம், பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், அரசுக்கு ஒரு தகவல். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இந்த மூன்றும் தொடர்கின்றன. அத்தோடு, ஆட்குறைப்புக்கு உள்ளானவருக்காக 15 நாள் சம்பளத்தை மறுதிறன் பயிற்சி நிதிக்குக் கட்ட வேண்டும் என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது. அரசுக்கான தகவலையும் நிதிக்கான தொகையையும் எந்தப் படிவத்தில் எங்கே தருவது என்பதை உள்ளூர்த் தொழிலாளர் அலுவலகத்தில் நேரில் கேட்டுச் செய்துவிடுவது நல்லது.

நம் ஆபரேட்டருக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். பணிக்காலம் மூன்று வருடம் எட்டு மாதம். ஆறு மாதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் அதை முழு ஆண்டாக எடுக்க வேண்டும் என்பதால், நான்கு ஆண்டு. 15 நாள் சம்பளம் 9,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கு 36,000. முன்னறிவிப்புக்கு ஈடான சம்பளம் 18,000. எடுக்காத ஈட்டிய விடுப்பு ஆறு நாள், அதற்கு 3,600. வேலை செய்த கடைசி மாதச் சம்பளம் 18,000. அவர் வாங்கிய முன்பணத்தில் 8,000 பாக்கி இருக்கிறது. அதை அவர் எழுதித் தந்த சம்மதத்தோடு கடைசி மாதச் சம்பளத்தில் கழித்தால் 10,000 மிஞ்சும். பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற விதியும் மீறப்படவில்லை. ஆக, கையில் தர வேண்டியது 67,600 ரூபாய். மறுதிறன் நிதிக்கான 9,000 தனி.

ஐந்து பேர் வேலை செய்யும் கடைக்கு இது பெரிய தொகை. ஒரே நாளில் புரட்டச் சொன்னால் மூச்சு முட்டும். அந்த மூச்சு முட்டலால்தான் பலர் கணக்கை இழுத்தடிக்கிறார்கள், அல்லது வெற்றுத்தாளில் ‘சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்’ என்று எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். வற்புறுத்தி வாங்கிய விலகல் கடிதம் வழக்கில் வேலைநீக்கமாகவே எடுத்துக்கொள்ளப்படலாம், அப்போது முன்னறிவிப்பும் இல்லை, இழப்பீடும் இல்லை என்ற இரண்டு குறையும் முதலாளி தலையில் விழும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஆண்டுக்கு 9,000 என்றால் மாதத்துக்கு 750 ரூபாய். ஒரு பணியாளருக்கு மாதம் 750 வீதம் முதல் மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் போட்டுவந்தால், பிரிய வேண்டிய நாளில் இழப்பீட்டின் பெரும்பகுதி தயாராக இருக்கும்.

கடைசிப் பேச்சு கால் மணி நேரத்தைத் தாண்டத் தேவையில்லை. அன்று பழைய கணக்கையெல்லாம் திரும்பக் கிளறுவது வீண்.

"தம்பி, ஐப்பசி கணக்கு உங்களுக்கே தெரியும். இந்த வேலை உங்களுக்கு ஒத்துவரலன்னு நான் முடிவு பண்ணியிருக்கேன். இது முடிவுதான், இனி மாத்தப் போறதில்ல. ஒரு மாசம் வேலை பார்த்துக்கிட்டே வேற இடம் தேடணும்னாலும் சரி, அந்தச் சம்பளத்தை இன்னைக்கே வாங்கிக்கிடணும்னாலும் சரி. உங்க இஷ்டம்."

"ஊர்ல என்ன சொல்லுவீங்க அண்ணாச்சி?"

இந்தக் கேள்வியை எதிர்பார்த்து வந்திருக்க வேண்டும். சின்ன ஊரில் வேலை போவதைவிடப் பெயர் போவதே பெரிய பயம். முதலாளி ஏற்கனவே அனுபவச் சான்றிதழ் அடித்து வைத்திருந்தார். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வேலை, நேரம் தவறாதவர், கைச்சுத்தமானவர். எல்லாம் உண்மை. மற்றப் பணியாளர்களிடம் என்ன சொல்வது என்பதையும் இருவருமாகவே முடிவு செய்தார்கள்: "வேற வேலைக்குப் போறார். கணக்கெல்லாம் முடிச்சாச்சு." அதற்கு மேல் யார் கேட்டாலும் இல்லை. பத்திரிகை வாசகத்தில் தடுமாறியவர் பிளெக்ஸ் பேனர் வடிவமைப்பில் நன்றாகவே இருந்தார். அந்தத் தொழில் செய்யும் நண்பர் ஒருவருக்கு முதலாளி தொலைபேசியில் சொன்னார். தப்பு வந்ததையும் மறைக்கவில்லை, நிறச் சேர்க்கையில் கை நன்றாக இருப்பதையும் சொன்னார்.

செய்யக் கூடாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நாளிதழ்களில் பாஸ்போர்ட் அளவு படத்தோடு, ‘இவருக்கும் எங்கள் நிறுவனத்துக்கும் இன்று முதல் எந்தத் தொடர்பும் இல்லை’ என்று அறிவிப்பு வருவதைப் பார்த்திருப்போம். ஊர் ஊராகப் போய்ப் பணம் வசூலித்த ஒருவர் விலகினால் வாடிக்கையாளர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டியிருக்கும். அதையும் படம் இல்லாமல், அந்த வாடிக்கையாளர்களுக்கு மட்டும் கடிதமாகவோ செய்தியாகவோ சொல்லிவிடலாம். கணினி முன் உட்கார்ந்து வேலை பார்த்தவருக்கு அந்த அறிவிப்பு எதற்கும் தேவையில்லை. அதைப் பார்க்கும் ஊர், அவர் எதையோ திருடிவிட்டார் என்றுதான் படிக்கும். அவருடைய பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்திலும் அந்த நாளிதழ் வாங்குகிறார்கள்.

பணத்துக்கும் ஒரு கெடு உண்டு. வேலை முடிந்த இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்த்துவிட வேண்டும் என்பது சட்டம். "அடுத்த வாரம் வா", "ஆடிட்டர் ஊருக்குப் போயிருக்கார்" என்பதெல்லாம் அங்கே செல்லாது. ஒவ்வொரு தொகையும் எதற்காக என்று வரிவரியாக எழுதிய தாள் ஒன்று, வங்கிப் பரிமாற்றத்தின் சான்று ஒன்று, இரண்டும் இருவரிடமும் இருக்க வேண்டும்.

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடையில் பணிக்கொடை விதிகள் பொருந்தாது. ஈஎஸ்ஐ கட்டாயம் இல்லை. வருங்கால வைப்பு நிதி குறைந்தது இருபது பேர் இருந்தால்தான் கட்டாயம். பெரிய நிறுவனத்திலிருந்து போகிறவருக்குப் பின்னால் வந்து சேரக்கூடிய அந்தப் பணம் எதுவும் இவருக்கு வராது. உங்கள் கடையிலிருந்து ஒருவரை அனுப்ப வேண்டிய நாள் வந்தால், இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று நீங்கள் கொடுக்கும் தொகைதான் அவர் அடுத்த வேலை கிடைக்கும்வரை வீட்டு வாடகையும் அரிசியும். அதைத் தவணை சொல்லாமல், குறைக்காமல், அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

(தொடரும்)